முப்பது மாணவர், இருபது லைசென்ஸ்: முதல்வரிடம் எதைக் கேட்பது?

கேள்வி: திருப்பூரை ஒட்டிய ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறை விரிவுரையாளராக இருக்கிறேன். கேட் லேப் என் பொறுப்பு. ஆண்டுக்கு 60 மாணவர்கள். முப்பது முப்பது பேராக இரண்டு பேட்ச். லேபில் 30 கம்ப்யூட்டர் இருந்தன, இப்போது 26தான் ஓடுகின்றன. அதில் 14 மிகப் பழையவை, நாலாம் தலைமுறை ஐ5. மீதி 12 பத்தாம் தலைமுறை. எல்லாவற்றிலும் 8 ஜி.பி. ராம், பழைய ஹார்டு டிஸ்க். சாலிட்வொர்க்ஸ் கல்விப் பதிப்புக்கு நெட்வொர்க் லைசென்ஸ் 20 இருக்கிறது.

போன ஆண்டு 40 லைசென்ஸும் 40 கம்ப்யூட்டரும் வேண்டுமென்று முதல்வருக்கு எழுதினேன். ஒரு கம்ப்யூட்டர் 70,000 ரூபாய் என்று கொட்டேஷனும் வைத்தேன். கடிதம் மூன்று கேள்விகளோடு திரும்பி வந்தது: "இருப்பதை முழுசாகப் பயன்படுத்துகிறீர்களா? இலவச சாஃப்ட்வேர் கிடைக்கும்போது காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? டிரஸ்டியின் பனியன் கம்பெனியில் கேட் ரூமில் இரண்டே சீட் போதுகிறதே, உங்களுக்கு மட்டும் ஏன் அறுபது?" இந்த ஆண்டு மறுபடி எழுத வேண்டும். எப்படி எழுதுவது?

— பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்

பதில்:

முதல்வர் கேட்ட மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் விடை உங்கள் லேபிலேயே இருக்கிறது. அதைத் தேடி எடுத்தால், நீங்கள் கேட்க வேண்டியது போன ஆண்டு கேட்டதில் கால் பங்குதான் என்பதும் தெரியும். கால் பங்குக் கோரிக்கையை மறுப்பது முதல்வருக்குக் கடினம். ஆகவே கடிதத்தைப் பிறகு பார்ப்போம்; முதலில் கணக்கு.

அறுபது அல்ல, முப்பது

உங்களிடம் இருப்பது நெட்வொர்க் லைசென்ஸ். அது எந்தக் கம்ப்யூட்டருக்கும் சொந்தமல்ல. சர்வரில் 20 இருக்கும். ஒரு மாணவர் சாலிட்வொர்க்ஸைத் திறந்தால் ஒன்று வெளியே போகும், மூடினால் திரும்பி வரும். அதனால் துறையில் எத்தனை மாணவர் என்பது இங்கே கணக்கே இல்லை. ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் திறந்திருப்பார்கள் என்பதுதான் கணக்கு. மூன்றாம் செமஸ்டரின் மெஷின் டிராயிங் லேப் ஒற்றைப்படை செமஸ்டரில் வரும், ஆறாம் செமஸ்டரின் கேட்/கேம் லேப் இரட்டைப்படையில் வரும். இரண்டும் மோதுவதில்லை. இரண்டு பேட்சும் வெவ்வேறு நாளில் வரும். புராஜெக்ட் மாணவர்கள் வகுப்பு முடிந்த பிறகு வருவார்கள். ஆக, உங்கள் உச்சத் தேவை 30. இருப்பது 20. பற்றாக்குறை 10. இருபதோடு நாற்பது சேர்த்து அறுபதாக்கக் கேட்டது கிடைத்திருந்தாலும், அதில் முப்பது ஒருபோதும் திறக்கப்படாமல் சர்வரிலேயே கிடந்திருக்கும்.

டிரஸ்டியின் கேட் ரூம் கேள்விக்கும் இதே கணக்கு விடை சொல்லும். பனியன் கம்பெனியின் கேட் ரூமில் நடப்பது பேட்டர்ன் போடுவது, சைஸுக்கு கிரேடிங் செய்வது, துணி வீணாகாமல் மார்க்கர் அடுக்குவது. ஒரு பேட்டர்ன் மாஸ்டர் போடும் மார்க்கரை வைத்துக் கட்டிங் டேபிளில் நாள் முழுக்க வெட்டலாம். அங்கே இரண்டு சீட் ஒரு தொழிற்சாலைக்கே வேலை கொடுக்கும். லேபில் நிலைமை வேறு. முப்பது பேரும் ஒரே மணி நேரத்தில் தங்கள் கையால் வரைந்து பழக வேண்டும். ஒருவர் வரைந்தது இன்னொருவருக்குப் பயிற்சி ஆகாது. மென்பொருளும் வேறு: அங்கே தட்டையான துணித் துண்டுகள், இங்கே கன உருவப் பாகங்களும் அசெம்பிளியும். இதைக் கடிதத்தில் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். டிரஸ்டி மெஷின் ஓட்டத்தை மணிக்கணக்கில் பார்த்துப் பழகியவர், உடனே பிடித்துக்கொள்வார்.

சர்வர் எழுதி வைத்திருக்கும் கணக்கு

"முழுசாகப் பயன்படுத்துகிறீர்களா?" என்பதற்கு வாய்ச்சொல்லால் விடை சொல்ல வேண்டியதில்லை. லைசென்ஸ் சர்வர் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதி வைக்கிறது. லைசென்ஸ் மேனேஜரின் லாக் கோப்பைத் திறந்தால் இப்படி இருக்கும்:

```
10:02:11 (SW_D) OUT: "solidworks" me03@CADLAB-03
10:04:40 (SW_D) DENIED: "solidworks" me21@CADLAB-21 (Licensed number of users already reached. (-4,342))
10:47:55 (SW_D) IN: "solidworks" me03@CADLAB-03
```

முதல் வரி, மூன்றாம் எண் கம்ப்யூட்டர் லைசென்ஸை எடுத்துக்கொண்டது. இரண்டாவது, இருபத்தொன்றாம் எண்ணில் இருந்த மாணவர் கேட்டும் கிடைக்கவில்லை. இருபதும் வெளியே போய்விட்டன. மூன்றாவது, எடுத்தது திரும்பி வந்தது. மறுக்கப்பட்ட வரிகளை மட்டும் தனியே எடுக்க, சர்வரில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து இதைக் கொடுங்கள்:

```
findstr "DENIED" lmgrd.log > denied.txt
```

நாலு வாரம் இதைச் சேர்த்து வையுங்கள். லைசென்ஸ் சர்வீஸை நிறுத்தி மறுபடி துவக்கினால் பழைய லாக் மேலெழுதப்பட்டுப் போகக்கூடும். ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோப்பை வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். இந்த வரிகளில் நேரம் மட்டுமே இருக்கும். தேதி, முழு லாக்கில் இடையிடையே வரும் TIMESTAMP வரிகளில்தான் இருக்கும். அதை வைத்து நாளைப் பிரித்துக்கொள்ளலாம்.

இந்த எண்ணை அப்படியே கடிதத்தில் போட்டுவிடக் கூடாது. லைசென்ஸ் கிடைக்காத மாணவர் ஒரு முறை முயன்று விட்டுவிட மாட்டார். ஐந்து நிமிஷத்தில் மூன்று முறை கிளிக் செய்வார். மூன்றும் மூன்று வரியாகப் பதிவாகும். நாலு வாரத்தில் 130 வரி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பில் ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு முறை மட்டுமே எண்ணினால் அது 46 ஆகக் குறையலாம். அந்த 46ஐத்தான் எழுத வேண்டும். 130ஐ எழுதினால், கணினித் துறையிலிருந்து யாராவது லாக்கைப் புரட்டிப் பார்த்த அன்றைக்கு உங்கள் மொத்தக் கடிதமும் நம்பிக்கை இழக்கும்.

உதாரணத்துக்குச் சொன்ன இந்த 46ஐ இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நாலு வாரத்தில் இரண்டு பேட்சுக்கும் சேர்த்து எட்டு வகுப்பு. வகுப்புக்குப் பத்து பேருக்கு லைசென்ஸ் இல்லையென்றால் 80 மறுப்பு வர வேண்டும், வந்ததோ 46. மீதி எங்கே? ஓடுவது 26 கம்ப்யூட்டர்தான். இருபது பேர் லைசென்ஸ் எடுத்தபின் கேட்டுப் பார்க்க ஆறு கம்ப்யூட்டரே மிச்சம். மற்ற நாலு பேருக்குக் கேட்டுப் பார்க்கவே இடமில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். எட்டு வகுப்புக்கு ஆறு வீதம் 48, வந்தது 46. கணக்கு ஒத்துப்போகிறது. ஆக உங்கள் லேபில் இரண்டு அடைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. லைசென்ஸ் மட்டும் வாங்கினால் 26 பேரோடு நிற்கும். கம்ப்யூட்டர் மட்டும் வாங்கினால் சாலிட்வொர்க்ஸ் திறப்பவர் இருபது பேரோடு நிற்கும்.

அடுத்து, லாக்கில் OUT இருந்து மணிக்கணக்கில் IN வராத வரிகளைத் தேடுங்கள். ஆசிரியர் அறையில் ஒரு கம்ப்யூட்டர் காலையிலிருந்து மாலை வரை சாலிட்வொர்க்ஸைத் திறந்தே வைத்திருக்கலாம். யாரோ ஒரு லைசென்ஸை லேப்டாப்புக்கு 'பாரோ' செய்து ஊருக்கு எடுத்துப் போயிருக்கலாம். இப்படி இரண்டு போனாலும் வகுப்புக்கு மிஞ்சுவது பதினெட்டு. முதல்வரின் முதல் கேள்வி குறி வைத்தது இதைத்தான். பாரோ செய்ததை எடுத்தவரிடம் கேட்டுத் திரும்ப வாங்குங்கள். மற்றபடி, சர்வரின் ஆப்ஷன்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்தால், திறந்தபடி அரை மணி நேரம் தொடாமல் கிடக்கும் லைசென்ஸ் தானாகத் திரும்பும்:

```
TIMEOUTALL 1800
```

எண் விநாடிக்கணக்கு. மாணவர்கள் எழுந்து போகுமுன் கோப்பைச் சேமிக்க வேண்டும் என்று லேபில் எழுதி ஒட்டிவிடுங்கள். இதைச் செய்து முடித்தபின் எடுத்த நாலு வார லாக்கைத்தான் கடிதத்தோடு இணைக்க வேண்டும். "இருப்பதை ஒழுங்குபடுத்திவிட்டோம், அதற்குப் பிறகும் இவ்வளவு குறைகிறது" என்று சொல்லும் கடிதத்துக்குத் தனி எடை உண்டு.

மாணவர் இழப்பது எத்தனை மணி நேரம்?

மறுப்பு எண்ணிக்கை சர்வரின் மொழி. முதல்வருக்கு வேண்டியது மாணவரின் மணி நேரம். வாரத்துக்கு நாலு பீரியட், பீரியடுக்கு 50 நிமிஷம், பதினைந்து வாரம் என்று கொண்டால் 3,000 நிமிஷம். அதாவது 50 மணி நேரம். இருபது சீட்டில் முப்பது பேர் உட்கார்ந்தால் பத்து பேருக்குத் தனி சீட், இருபது பேர் ஜோடி ஜோடியாக மீதிப் பத்தில். ஜோடியில் இருப்பவருக்குக் கையில் மவுஸ் இருக்கும் நேரம் 25 மணி. வகுப்பில் மூன்றில் இரண்டு பங்கு மாணவர்கள் பாதிப் பயிற்சியோடுதான் வெளியே போகிறார்கள். உங்கள் கடிதத்தின் முதல் பத்தியில் வர வேண்டிய வாக்கியம் இதுதான்.

"கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவு" என்பதையும் இதே தராசில் வையுங்கள். ஹார்டு டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் சாலிட்வொர்க்ஸ் திறக்க ஆறு நிமிஷம் ஆகிறது என்றே கொள்வோம். வாரம் ஒரு முறை, பதினைந்து வாரத்துக்குத் தொண்ணூறு நிமிஷம். ஐம்பது மணியில் ஒன்றரை மணி. எரிச்சல்தான், ஆனால் சீட் பகிர்வதால் போகும் 25 மணியோடு ஒப்பிட்டால் சிறியது. மெதுவை முன்னால் வைத்து வாதாடினால் வலுவான காரணம் பின்னால் போய்விடும்.

பலரும் நம்பிப் போகிற இன்னொரு வாதத்தையும் எச்சரிக்கையோடு தொடுங்கள். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு லேபின் கடைசியிலும் 30 மாணவர் பேட்சுக்கு வேண்டிய கருவிப் பட்டியல் இருக்கும். 2013 விதிமுறையின் கேட்/கேம் லேப் பட்டியல் 30 கம்ப்யூட்டர் கேட்டது, மாடலிங் மென்பொருளுக்கு 15 லைசென்ஸ்தான் கேட்டது. இப்போது நீங்கள் நடத்தும் விதிமுறையின் பட்டியலை எடுத்து முதலில் நீங்களே படியுங்கள். கம்ப்யூட்டர் எண்ணிக்கைக்கு அது துணை நிற்கும்: 30 வேண்டிய இடத்தில் 26 ஓடுவது இன்ஸ்பெக்‌ஷனில் குறையாகும். லைசென்ஸுக்கோ அதே பட்டியல் உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். ஆகவே கம்ப்யூட்டருக்குப் பட்டியலைக் காட்டுங்கள். லைசென்ஸுக்கு 25 மணி நேரக் கணக்கைக் காட்டுங்கள்.

இலவச மென்பொருள்: எங்கே உதவும், எங்கே உதவாது

ஆட்டோடெஸ்க் நிறுவனம் தகுதியுள்ள மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆட்டோகேட், இன்வென்டர், ஃபியூஷன் எல்லாவற்றையும் கல்விக்காக இலவசமாகத் தருகிறது. ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஃப்ரீகேட் முற்றிலும் திறந்த மென்பொருள். லைசென்ஸ் எண்ணிக்கை என்ற பேச்சே இல்லை. 2024 நவம்பரில் வந்த அதன் 1.0 பதிப்பில் அசெம்பிளி வசதியும் உள்ளேயே வந்துவிட்டது. ஸ்க்ரூ ஜாக், நக்கிள் ஜாயின்ட், பிளம்மர் பிளாக் போன்ற மெஷின் டிராயிங் பயிற்சிகளை அதில் தாராளமாகச் செய்யலாம். முதல்வர் கேட்டதில் தவறில்லை.

ஆனால் அவர் நினைக்கிற விதத்தில் அது உதவாது. மூன்றாம் செமஸ்டரை முழுதாக இலவச மென்பொருளுக்கு மாற்றினாலும், ஆறாம் செமஸ்டரில் முப்பது பேர் உட்காரும்போது லைசென்ஸ் இருபதுதான். வேறு செமஸ்டரில் மிச்சமாகும் லைசென்ஸை இங்கே கொண்டுவர முடியாது. ஒரே வகுப்புக்குள் சுழற்சி வைத்தால்தான் உதவும். இருபது பேர் சாலிட்வொர்க்ஸில் மாடல் செய்யட்டும், பத்து பேர் ஃப்ரீகேடில் வரைபடத் தாள் தயாரிக்கட்டும்; அடுத்த வாரம் பத்து பேர் மாறட்டும். செமஸ்டர் முடிவில் ஒவ்வொருவருக்கும் ஐம்பது மணியும் தனி சீட்டில்: ஏறத்தாழ 33 மணி சாலிட்வொர்க்ஸ், 17 மணி ஃப்ரீகேட். யாரும் வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை. கோவை, திருப்பூர் பட்டறைகளிலும் மெஷினரி கம்பெனிகளிலும் நேர்முகத்துக்குப் போகும் மாணவருக்கு சாலிட்வொர்க்ஸ், கிரியோ போன்றவற்றில் கை ஓட வேண்டும் என்பதால் ஐம்பதுமே அதில் இருந்தால் நல்லது. ஆனால் 25 மணியோடு ஒப்பிட்டால் 33 பெரிய முன்னேற்றம்.

இந்தச் சுழற்சிக்கு முப்பது கம்ப்யூட்டர் ஓட வேண்டும் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் எழுதப்போகும் கடிதத்தின் அச்சாணி இதுதான். லைசென்ஸ் இல்லாத கம்ப்யூட்டரில் இலவச மென்பொருளாவது ஓடும். கம்ப்யூட்டர் இல்லாத லைசென்ஸ் எதற்கும் ஆகாது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் கம்ப்யூட்டர், அடுத்து லைசென்ஸ். போன ஆண்டு இரண்டையும் சம எண்ணிக்கையில் ஒன்றாகக் கேட்டீர்கள். முதல்வருக்குப் பகுதி அனுமதி தர வழியே இல்லாமல் போயிற்று.

எந்தக் கம்ப்யூட்டரை வைத்துக்கொள்வது?

விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே அதிகாரபூர்வமாக ஏறாது. அதனால் உங்கள் 14 பழைய கம்ப்யூட்டருக்கு ராமும் எஸ்.எஸ்.டி.யும் போடுவது கிழிந்த சட்டைக்குப் புதுப் பொத்தான் தைக்கிற வேலை. பத்தாம் தலைமுறை 12க்கு அப்படியில்லை, அவற்றில் எஸ்.எஸ்.டி. போட்டு ராமை 16 ஜி.பி. ஆக்கினால் இன்னும் சில ஆண்டு நன்றாக ஓடும். பழைய பதினாலில் நல்ல நிலையில் உள்ள எட்டை மட்டும் இணையத்திலிருந்து துண்டித்து, லேப் நெட்வொர்க்கில் மட்டும் வைத்து, ஓராண்டு ஓட்டலாம். 12 மேம்படுத்தியவை, 10 புதியவை, 8 பழையவை: முப்பது சீட் ஆயிற்று. நாற்பது கேட்ட இடத்தில் பத்து.

அந்தப் பத்து எதற்கு வலுவாக இருக்க வேண்டும் என்பதற்கு உங்கள் ஊரிலேயே நல்ல சான்று இருக்கிறது. 30 அங்குல டயா, 24 கேஜ் சிங்கிள் ஜெர்ஸி நிட்டிங் மெஷினின் சிலிண்டரில் எத்தனை ஊசி? சுற்றளவு அங்குலத்தில் சுமார் 94.2, அங்குலத்துக்கு 24 ஊசி, மொத்தம் ஏறத்தாழ 2,260. கடைசி ஆண்டு மாணவர் ஒருவர் தேய்ந்த கேமை அளந்து மறுவடிவமைக்கும் புராஜெக்டில் சிலிண்டர், ஊசிகள், கேம் எல்லாவற்றையும் ஒரே அசெம்பிளியில் அடுக்கினால், 8 ஜி.பி. கம்ப்யூட்டர் ராம் தீர்ந்து டிஸ்க்கைப் பிறாண்ட ஆரம்பிக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி உச்சத்தில் முட்டி நிற்பதும் டிஸ்க் 100 சதவீதத்தில் ஓடுவதும் ஒன்றாகத் தெரிந்தால் குறை ராமில். ஒரே ஒரு பிராசஸர் கோர் மட்டும் முழு ஓட்டத்தில் இருந்து மற்றவை சும்மா இருந்தால் குறை பிராசஸர் வேகத்தில். மாடலைத் திரும்பக் கட்டும் வேலை பெரும்பாலும் ஒரே கோரில்தான் நடக்கும். ஆகவே புதியது வாங்கும்போது கோர் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகத்தைப் பாருங்கள். மென்பொருள் நிறுவனம் சான்றளித்த கிராஃபிக்ஸ் கார்டும் இருக்கட்டும்.

அதேநேரம், இந்தச் சோதனையை முப்பது கம்ப்யூட்டருக்கும் காரணமாகக் காட்டாதீர்கள். பத்து டிகிரித் துண்டை மட்டும் எடுத்தால் ஊசி 63தான். பழைய கம்ப்யூட்டரே திறந்துவிடும். பாடத்திட்டப் பயிற்சிகளில் பெரும்பாலானவை அதைவிடச் சிறியவை. வலுவான கம்ப்யூட்டர் புராஜெக்டுக்கும் அனாலிசிஸுக்கும் மட்டும் என்று பிரித்துச் சொன்னால்தான் பத்து என்ற எண் நிற்கும்.

பணம்

பத்து கம்ப்யூட்டர் உங்கள் கொட்டேஷன்படி 7,00,000. பன்னிரண்டு மேம்பாட்டுக்கு, ஒன்றுக்கு 7,000 என்று வைத்தால், 84,000. கூட்டினால் 7,84,000. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,41,120, மொத்தம் 9,25,120. பனியன் கம்பெனி கட்டும் ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். கல்விச் சேவைக்கு வரி விலக்கு இருப்பதால் கல்லூரி எடுக்க முடியாது. டிரஸ்டிகள் பழக்கத்தில் வரியைக் கழித்துப் பார்ப்பார்கள். ஆகவே வரி சேர்ந்த தொகையையே எழுதுங்கள்.

லைசென்ஸைத் தனித் தலைப்பில் வையுங்கள், ஏனென்றால் அதற்கு ஆண்டுச் செலவு உண்டு. கல்வி லைசென்ஸைப் பெரும்பாலும் தொகுப்பாகத்தான் விற்பார்கள். பத்து தனியாகக் கிடைக்குமா, அடுத்த தொகுப்புக்குப் போக வேண்டுமா, இருக்கும் இருபதின் புதுப்பிப்புத் தேதியோடு சேர்த்தால் என்ன விலை என்று டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு செலவையும் கேளுங்கள். லேப் முழுக்க ஒரே பதிப்பு இருக்கட்டும். புதிய பதிப்பில் அப்படியே சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறந்து திருத்த முடியாது.

ஒன்றை மட்டும் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள்: "இந்த லைசென்ஸை வைத்து உள்ளூர்ப் பட்டறைகளுக்கு ஸ்பேர் வரைந்து கொடுத்துக் கல்லூரிக்கு வருமானம் ஈட்டலாம்." கேட்க இனிக்கும். ஆனால் கல்விப் பதிப்பு கற்பிக்க மட்டும். அதில் எடுக்கும் வரைபடத்திலேயே அந்தக் குறிப்பு அச்சாகி வரும். ஜாப் ஒர்க் செய்ய வணிக லைசென்ஸ் தனியாக வேண்டும்.

மாதிரிக் கடிதம்

> பெறுநர்: முதல்வர் அவர்கள்
> வழி: துறைத்தலைவர், மெக்கானிக்கல் துறை
> பொருள்: கேட் லேபில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி சீட் — அனுமதி கோருதல்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> நம் கேட் லேபில் 30 மாணவர் பேட்சுக்கு ஓடும் கம்ப்யூட்டர் 26, லைசென்ஸ் 20. இதனால் ஒவ்வொரு பேட்சிலும் 20 மாணவர்கள் ஜோடியாக அமர்கிறார்கள். செமஸ்டருக்கு 50 மணி நேரப் பயிற்சியில் அவர்களுக்குக் கிடைப்பது 25 மணி நேரம்.
>
> பயன்படுத்தாமல் வைத்திருக்கும் லைசென்ஸ் அரை மணி நேரத்தில் தானாகத் திரும்பும்படி சர்வரை அமைத்துவிட்டோம். அதன் பிறகு நான்கு வாரத்தில், எட்டு வகுப்புகளில் 46 முறை லைசென்ஸ் கிடைக்கவில்லை (இணைப்பு 1). நெட்வொர்க் லைசென்ஸ் என்பதால் ஒரே நேரத் தேவை 30 மட்டுமே. போன ஆண்டுக் கோரிக்கையை அதற்கேற்பக் குறைத்திருக்கிறோம்.
>
> முதல் படி: 10 புதிய கம்ப்யூட்டர், 12 கம்ப்யூட்டருக்கு எஸ்.எஸ்.டி., ராம். வரி உட்பட ரூ.9,25,120 (இணைப்பு 2: மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல்). இது மட்டும் கிடைத்தாலும், ஃப்ரீகேட் இலவச மென்பொருளைச் சுழற்சியில் சேர்த்து ஒவ்வொரு மாணவருக்கும் 50 மணி நேரம் தனி சீட்டில் தர முடியும்.
>
> இரண்டாம் படி: வரும் புதுப்பிப்பின்போது 10 கூடுதல் லைசென்ஸ் (இணைப்பு 3: மூன்றாண்டுச் செலவு). இதனால் 50 மணியும் சாலிட்வொர்க்ஸில் அமையும்.
>
> அடுத்த ஆண்டு மீதமுள்ள 8 பழைய கம்ப்யூட்டரை மாற்ற வேண்டிவரும். விண்டோஸ் 10 ஆதரவு முடிந்துவிட்டதால் அவற்றை இணையமின்றி ஓராண்டு மட்டும் பயன்படுத்துவோம்.
>
> முதல் படிக்கு வரும் செமஸ்டர் தொடங்குமுன் அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு செமஸ்டர் முடிந்ததும் அதே லாக் கணக்கைத் தங்களிடம் சமர்ப்பிப்பேன்.
>
> தங்கள் உண்மையுள்ள,

46 இருக்கும் இடத்தில் உங்கள் லாக்கில் வந்த எண்ணைப் போடுங்கள். இந்தக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. லாக், கொட்டேஷன், கம்ப்யூட்டர் வாரியான நிலைப் பட்டியல் எல்லாம் இணைப்பில் போகட்டும். துறைத்தலைவரின் கையெழுத்து இல்லாமல் நேரே கொண்டுபோகாதீர்கள். துறை பட்ஜெட்டில் இடம் பெறாத கோரிக்கை பர்ச்சேஸ் கமிட்டிக்கே வராது. ஏப்ரலில் நிதியாண்டு தொடங்கும் முன், துறைகளிடம் பட்ஜெட் கேட்கும் வாரத்திலேயே இது போய்ச் சேர வேண்டும். பழைய லேப் கருவிகளைப் புதுப்பிக்க ஏ.ஐ.சி.டி.இ. 'மோட்ரோப்ஸ்' என்ற உதவித்தொகைத் திட்டத்தை அறிவித்ததுண்டு. மறுபடி அறிவிப்பு வந்தால் இதே இணைப்புகளை வைத்து விண்ணப்பிக்கலாம் என்று முதல்வரிடம் நேரில் சொல்லி வையுங்கள்.

அனுமதி பாதியாக வந்தால், பத்து கம்ப்யூட்டருக்குப் பதில் ஐந்துதான் என்றால், பன்னிரண்டு மேம்பாட்டை விட்டுக்கொடுக்காதீர்கள்; 84,000 ரூபாயில் அதிக சீட்டைக் காப்பாற்றுவது அதுதான். 12, 5, மீதி 13 சீட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் பழையவை என்று முப்பதை முதலில் நிரப்புங்கள். செமஸ்டர் முடிவில் லாக்கை எடுத்து வாக்களித்தபடி முதல்வர் மேசையில் வையுங்கள். அடுத்த கோரிக்கையின் முதல் இணைப்பாக அதுவே இருக்கும்.